பேனல் லைட் டிரைவர் போய்விட்டதா? கடையில் வாட் சொல்லாமல் மில்லி ஆம்பியர் சொல்லிக் கேளுங்கள்

"சீலிங் பேனல் லைட் ஒன்று எரியவில்லை, டிரைவர் போய்விட்டது என்று எலக்ட்ரீசியன் சொல்கிறார், அதே டிரைவர் எந்தக் கடையிலும் இல்லை, வேறு ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார்கள், போடலாமா, இல்லை லைட்டையே மாற்றிவிடலாமா?" இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. டிரைவர் என்பது மெயின்ஸ் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி. கேட்பவர்கள் எல்லாரும் கடையில் சொல்வது ஒரே விஷயத்தைத்தான்: "பதினெட்டு வாட் டிரைவர் கொடுங்க." கடைக்காரரும் பதினெட்டு வாட் என்று எழுதிய ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. டிரைவரின் மேல் எழுதியிருப்பதில் வாட்தான் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்.

இருக்கிற வழிகள் நான்கு. வேறு டிரைவர் வாங்கிப் போடுவது, பழைய டிரைவரையே பழுது பார்ப்பது, உள்ளே இருக்கும் எல்இடி தட்டை எடுத்துவிட்டு டிரைவரும் எல்இடியும் சேர்ந்தே இருக்கும் டிஓபி தட்டைப் போடுவது, மொத்த லைட்டையும் புதிதாக வாங்குவது. இதில் முதல் வழியில்தான் குழப்பம் அதிகம், அதனால் அதைப் பற்றி நிறையப் பேசுவேன், மற்ற மூன்றுக்கும் சுருக்கமாகச் சொன்னாலே போதும்.

## முதலில், போனது டிரைவர்தானா?

நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இது தெரியாமல் காசு செலவழிக்கக் கூடாது. நல்ல வேளையாக, வீட்டில் ஒரே மாதிரி பேனல் வரிசையாக நான்கு ஐந்து இருக்கும். எம்சிபியை இறக்கிவிட்டு, எரியாத பேனலின் டிரைவரிலிருந்து வரும் சின்ன டிசி ஜாக்கைக் கழற்றி, நன்றாக எரியும் பக்கத்துப் பேனலின் டிரைவரை இதில் மாட்டிப் பாருங்கள். எரிந்தால் கோளாறு டிரைவரில். எரியாவிட்டால் கோளாறு பேனலுக்குள்ளே, எல்இடியிலோ சாலிடரிலோ இருக்கிறது, அப்போது புது டிரைவர் வாங்கிப் பயனில்லை. மீட்டர் எதுவும் வேண்டாத சோதனை இது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜாக்கை மாற்றி மாட்டும்போது மின்சாரம் இருக்கக் கூடாது, நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் பொறுத்துத்தான் தொட வேண்டும். எல்இடி இணைக்காமல் டிரைவருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால், அதன் வெளியீட்டு கெப்பாசிட்டர் வழக்கத்தைவிட அதிக வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். அந்த நிலையில் எல்இடியைக் கொண்டுபோய்ச் செருகினால் சேர்ந்திருந்த மின்சாரம் எல்லாம் ஒரே நொடியில் பாய்ந்து நல்ல எல்இடிகளையும் எரித்துவிடும். முதலில் எல்இடியை இணை, அப்புறம் சுவிட்சைப் போடு. இந்த வரிசை மாறவே கூடாது.

அறிகுறிகளை வைத்தும் ஓரளவு ஊகிக்கலாம். ஒழுங்கான இடைவெளியில் விட்டு விட்டு மினுக்கினால் டிரைவர் கிளம்பப் பார்த்து, முடியாமல் நின்று, மறுபடி கிளம்பப் பார்க்கிறது என்று அர்த்தம். இதற்கு டிரைவரின் கெப்பாசிட்டரும் காரணமாக இருக்கலாம், பேனலில் எங்கேயோ இணைப்பு அறுந்திருப்பதும் காரணமாக இருக்கலாம், ஆகவே மேலே சொன்ன சோதனையை விட்டுவிட வேண்டாம். பேனலில் ஒரு வரிசை மட்டும் இருட்டாக இருந்து மற்றவை எரிந்தால் டிரைவர் நன்றாக இருக்கிறது, அந்த வரிசையில் ஒரு எல்இடி போய்விட்டது.

## எதை வைத்து ஒப்பிடுவது

கரன்ட், வோல்ட் எல்லை, ஐசொலேஷன், கடைசியாக டிரைவரின் உடம்பு (அளவு, ஜாக், வயர்). இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

கரன்ட். பேனல் லைட் டிரைவர் என்பது கரன்ட்டை மாறாமல் வைத்திருக்கும் சாதனம். 300 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தால், எல்லைக்குள் எந்த எல்இடி தொடரை மாட்டினாலும் 300-ஐத்தான் தள்ளும், வோல்ட்டைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். செல்போன் சார்ஜர், சிசிடிவி அடாப்டர் எல்லாம் இதற்கு நேர் எதிர்: அவற்றில் வோல்ட் மாறாது, கரன்ட்டை இணைத்திருக்கும் சாதனம் தேவைக்கு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் "2 ஆம்பியர் சார்ஜருக்குப் பதில் 3 ஆம்பியர் போடலாம்" என்ற பழக்கமான கணக்கு இங்கே செல்லாது. டிரைவரில் அதிக மில்லி ஆம்பியர் என்றால் அவ்வளவும் எல்இடிக்குள் போகும், வேண்டாம் என்று எல்இடியால் சொல்ல முடியாது. இதே காரணத்தால் ஸ்ட்ரிப் லைட்டுக்கான 12 வோல்ட், 24 வோல்ட் பவர் சப்ளையையும் இங்கே மாட்டக் கூடாது.

என் கணக்கு இது: பழைய டிரைவரில் இருந்த எண்ணைவிட 5 சதவீதம் வரை கூடினால் பரவாயில்லை, டிரைவர்களின் சொந்த ஏற்ற இறக்கமே அந்த அளவு இருக்கும். 20 சதவீதம் வரை குறைந்தால் தாராளமாகப் போடலாம். 5 சதவீதத்துக்கு மேல் கூடுதல் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

வோல்ட் எல்லை. 36-63 என்பதுபோல இரண்டு எண்கள் போட்டிருக்கும். பேனலின் எல்இடி தொடருக்குத் தேவையான வோல்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும், அவ்வளவுதான். பழைய டிரைவரின் 36-63 என்ற அதே எண்கள் புதியதிலும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முக்கியம் உங்கள் பேனலின் வோல்ட், அது நடுவில் எங்கேயோ இருக்கும் ஒரே ஒரு எண்.

ஐசொலேஷன். எல்இடி பக்கத்தை மெயின்ஸிலிருந்து பிரித்து வைப்பது. கரன்ட், வோல்ட் இரண்டும் பொருந்தினாலும் இது இல்லாவிட்டால் நான் சில இடங்களில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கீழே தனியாக வருகிறேன்.

## ஒரு பேனலை வைத்துக் கணக்குப் பார்ப்போம்

வட்டமான 18 வாட் பேனல். பழைய டிரைவரின் லேபிளில் வெளியீடு டிசி 36-63 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறது. வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளை மூடியான டிஃப்யூசரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே 90 எல்இடிகள், தொடராக 18, அந்த மாதிரி 5 தொடர்கள் பக்கவாட்டில். சின்ன வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஆக 18 × 3, 54 வோல்ட். 300 மில்லி ஆம்பியரை ஐந்து தொடரும் பங்கிட்டால் ஒவ்வொரு எல்இடிக்கும் 60 மில்லி ஆம்பியர்.

```
வாட் = வோல்ட் × ஆம்பியர்
54 × 0.3 = 16.2 வாட்
```

பதினெட்டு என்று சொன்ன பேனலில் எல்இடி எடுப்பது 16 சொச்சம்தான். மிச்சம் டிரைவருக்குள் சூடாகப் போகிறது.

இப்போது கடையில் ஐந்து டிரைவரை எடுத்துப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி எண்கள் கடைகளில் சகஜம்.

| லேபிளில் வாட் | வோல்ட் எல்லை | கரன்ட் (மில்லி ஆம்பியர்) | இந்தப் பேனலில் என்ன ஆகும் |
|---|---|---|---|
| 18 | 27-42 | 450 | எரியாது, அல்லது மினுக்கிக்கொண்டே இருக்கும் |
| 24 | 36-57 | 420 | பளிச்சென்று எரியும், சீக்கிரம் சாகும் |
| 18 | 36-65 | 280 | சரியாகப் பொருந்தும் |
| 24 | 48-85 | 280 | சரியாகப் பொருந்தும் |
| 15 | 40-62 | 240 | வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆயுள் கூடும் |

18 என்று போட்ட ஒன்று எரியவே எரியாது, இன்னொன்று சரி. 24-லும் ஒன்று பேனலைக் கொல்லும், மற்றொன்றில் கவலையே இல்லை. வாட் சொல்லிக் கேட்டால் இந்த ஐந்தில் எது கைக்கு வரும் என்பது கடைக்காரரின் அலமாரியைப் பொறுத்தது.

முதல் வரியில் டிரைவரால் 42-க்கு மேல் ஏற முடியாது, பேனலுக்கோ 54 வேண்டும். கரன்ட் ஓடவில்லை என்று பார்த்து டிரைவர் வோல்ட்டை ஏற்றும், உச்சத்தைத் தொட்டதும் பாதுகாப்புக்காக நின்றுவிடும், மறுபடி கிளம்பும். இதைப் பார்த்துவிட்டு "புது டிரைவரும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். டிரைவர் மேல் குற்றம் இல்லை, ஜோடிதான் தப்பு.

இரண்டாவது வரிதான் ஆபத்தானது, ஏனென்றால் அது எரியும். முன்பைவிடப் பிரகாசமாக எரியும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். 420-ஐ ஐந்தால் வகுத்தால் எல்இடிக்கு 84 மில்லி ஆம்பியர், இருக்க வேண்டியதைவிட 40 சதவீதம் அதிகம். பின்பக்க அலுமினியம் கை வைக்க முடியாத அளவு சுடும். கொஞ்ச நாளில் ஏதோ ஒரு எல்இடியின் நடுவே கரும்புள்ளி விழும், அந்தத் தொடர் முழுவதும் அணையும், டிரைவரோ அதே 420-ஐ மிச்சமுள்ள நான்கு தொடர்களுக்குள் திணிக்கும், ஒவ்வொன்றுக்கும் 105. அப்புறம் மூன்று, இரண்டு என்று வேகமாகப் போய்விடும். டிரைவர் மாற்றிய பிறகு சில மாதத்தில் பேனலே போய்விட்டது என்று புலம்புபவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

நான்காவது வரியைப் பார்த்துத்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள், 18 வாட் லைட்டுக்கு 24 வாட் டிரைவரா என்று. அந்த 24 என்பது 85 வோல்ட் தொடரை மாட்டினால் வரும் கணக்கு. நம் பேனல் 54-லேயே நின்றுவிடுகிறது, 54 × 0.28 என்றால் சுமார் 15 வாட்தான் ஓடும், டிரைவரும் தன் சக்திக்குக் குறைவாக வேலை செய்வதால் குளிர்ச்சியாக இருக்கும். இதில் பார்க்க வேண்டியது கீழ் எல்லையை மட்டும். எல்இடி சூடானால் அதன் வோல்ட் கொஞ்சம் இறங்கும், 18 தொடருக்கு ஒன்று ஒன்றரை வோல்ட் இறங்கலாம். 48-க்கு மேல் இன்னும் இடம் இருப்பதால் பிரச்சினை இல்லை. இதே டிரைவரின் எல்லை 54-85 என்று இருந்திருந்தால் நான் வாங்க மாட்டேன், மாட்டியவுடன் எரிந்து, சூடேறியதும் மினுக்க ஆரம்பிக்க வாய்ப்பு உண்டு. மேலும் கீழும் மூன்று நான்கு வோல்ட்டாவது இடம் விட்டு வாங்குங்கள்.

ஐந்தாவதை, 240-ஐ, நான் விரும்பியே போடுவேன். வெளிச்சம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது என்று எண்ணில் பார்க்கும்போது பெரிதாகத் தெரிகிறது, கண்ணுக்கு அப்படித் தெரியாது. தனியாக இருக்கும் லைட் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஒரே ஹாலில் வரிசையாக ஆறு பேனல் இருந்து ஒன்று மட்டும் மங்கினால் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் கண் கண்டுபிடித்துவிடும். அந்த இடத்தில் 280, 300 கிடைக்கும் வரை தேடுங்கள், அல்லது மங்கலானதைக் கொண்டுபோய் ஸ்டோர் ரூமிலோ மாடிப்படியிலோ போட்டுவிட்டு அங்கிருக்கும் டிரைவரை ஹாலுக்குக் கொண்டு வாருங்கள்.

## லேபிள் கருகிப் போயிருந்தால்

நிறையப் பேருக்கு இதுதான் நிலைமை. எழுத்து அழிந்திருக்கும், அல்லது பழைய டிரைவரை எலக்ட்ரீசியன் எடுத்துக்கொண்டு போயிருப்பார். அப்போது பேனலிடமே கேட்க வேண்டும்.

டிஃப்யூசரைத் திறந்து தொடர்களை எண்ணுவது ஒரு வழி. பின்னால் எல்இடி பரப்பிய பேனல்களில் இது சுலபம். மெல்லிய ஸ்லிம் பேனல்களில் எல்இடி எல்லாம் ஓரத்துச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும், பின்தகட்டின் திருகுகளைக் கழற்றினால்தான் தெரியும். இதில் இன்னொரு தொல்லை, சில எல்இடிகளின் ஒரே கூட்டுக்குள் இரண்டு மூன்று சில்லுகள் தொடராக இருக்கும், அவற்றுக்கு 3 வோல்ட்டுக்குப் பதில் 6, 9 என்று வேண்டியிருக்கும். 3-ஆல் பெருக்கினால் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் வரும்.

ஆகவே டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பேக்லைட் டெஸ்டரைத்தான் நான் நம்புவேன். அதன் இரு முனைகளையும் பேனலின் சிவப்பு, கறுப்பு வயர்களில் வைத்தால் தேவையான அளவுக்கு வோல்ட்டை ஏற்றி, பேனலை மங்கலாக எரியவைத்து, எவ்வளவு வோல்ட் என்று திரையில் காட்டும். 300 வோல்ட் வரை போகக்கூடிய கருவி, முனைகளை விரலால் தொடக் கூடாது. கவனிக்க வேண்டியது, டெஸ்டர் கொடுக்கும் கரன்ட் மிகக் குறைவு என்பதால் அது காட்டும் எண்ணும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். நம் 54 வோல்ட் பேனலில் 49 அல்லது 50 காட்டும். பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் டயோடு முறையில் இதைச் செய்ய முடியாது, 18 எல்இடி தொடரை எழுப்பும் அளவு வோல்ட் அதில் இல்லை.

வோல்ட் தெரிந்துவிட்டால் கரன்ட்டுக்கு ஒரு தோராயக் கணக்கு போதும். பேனலின் முதுகில் அச்சடித்த வாட்டில் டிரைவரின் இழப்புக்காக 10 முதல் 15 சதவீதம் கழித்து, வோல்ட்டால் வகுக்க வேண்டும். 18-ல் கழித்தால் 15.8 வைத்துக்கொள்வோம், 54-ஆல் வகுத்தால் 0.29 ஆம்பியர். 280 அல்லது 300 என்று முடிவுக்கு வரலாம். இப்படி ஊகிக்கும்போது சந்தேகம் இருந்தால் குறைந்ததை எடுங்கள். அச்சடித்த வாட்டே பொய்யாக இருக்கும் மலிவு பேனல்களும் உண்டு, பின்னால் இருக்கும் அலுமினியம் கையில் எடுத்தால் தகரம்போல இருந்தால் 20 சதவீதம் குறைத்தே போடுவேன்.

## ஐசொலேட்டட் டிரைவரா, நான்-ஐசொலேட்டடா

மலிவான டிரைவர்களில் பாதி விலைக்குக் காரணம் இதுதான். ஐசொலேட்டட் டிரைவரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், 230 வோல்ட் பக்கத்துக்கும் எல்இடி பக்கத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நான்-ஐசொலேட்டடில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஒற்றைச் சுருள்தான், எல்இடிக்குப் போகும் வயர் மெயின்ஸோடு மின்சாரத் தொடர்பில் இருக்கும். லேபிளில் 54 வோல்ட் என்றுதான் இருக்கும், ஆனால் தரையில் நின்றுகொண்டு அந்த வயரைத் தொட்டால் கிடைப்பது மெயின்ஸ் ஷாக்.

சரி, சீலிங்குக்குள் யார் தொடப்போகிறார்கள்? ஃபால்ஸ் சீலிங் ஜிப்சத்தில் பதித்த, பிளாஸ்டிக் சட்டம் போட்ட, யாருக்கும் எட்டாத பேனல் என்றால், முதலில் வந்ததும் நான்-ஐசொலேட்டட் என்றால், அதையே மறுபடி போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உலோகச் சட்டம், கிரில் அல்லது இரும்புச் சட்டத்தில் மாட்டிய 2 × 2 பேனல், குளியலறை, போர்டிகோ, தண்ணீர் கசியும் சீலிங், இங்கெல்லாம் ஐசொலேட்டட் மட்டும். எல்இடி தட்டின் செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இருக்கும் காப்புப் படலம் ரொம்ப மெல்லியது. முதலில் ஐசொலேட்டட் டிரைவரோடு வடிவமைத்த பேனலில் அந்தப் படலத்தை நம்பி மெயின்ஸை ஏற்றக் கூடாது.

கடையிலேயே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை டயோடு முறையில் வைத்து, உள்ளீட்டு வயர்கள் ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டு வயர்கள் ஒவ்வொன்றுக்கும் நடுவே, முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு ஜோடியில் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று எண் நிலையாக நின்றால் நான்-ஐசொலேட்டட். எல்லாவற்றிலும் திறந்த நிலை காட்டினால் ஐசொலேட்டட். மின்சாரம் கொடுத்து எடுத்த டிரைவரில் உடனே இதைச் செய்ய வேண்டாம், புதியதில் செய்யுங்கள்.

லேபிளில் பிஐஎஸ் குறியும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்இடி டிரைவர்களுக்கு ஐஎஸ் 15885 படி இந்தியாவில் பதிவு கட்டாயம், உதிரியாகத் தொங்கவிட்டு விற்கும் பலவற்றில் இது இருக்காது.

## யுனிவர்சல் டிரைவர்: எப்போது கை கொடுக்கும்

"8-24 வாட்" என்று அகன்ற எல்லை போட்டு, 24-85 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்று ஒரு வகை கிடைக்கிறது. பெயரைப் பார்த்து எதற்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம், 300 மில்லி ஆம்பியர் பேனல் எதற்கும் பொருந்தும் என்பதே சரி. நம் உதாரணப் பேனலுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் 240-ல் ஓடும் சின்ன பேனலில் இதை மாட்டினால் 25 சதவீதம் அதிகம். 900 அல்லது 1000 மில்லி ஆம்பியர் கேட்கும் ஆபீஸ் 2 × 2 பேனலில் மாட்டினால் எரியும், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில், கெடுதல் இல்லை, பயனும் இல்லை. இவற்றில் நான்-ஐசொலேட்டட் அதிகம், திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தாங்கும் வேரிஸ்டர் இருக்காது, வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் முதல் இடி மழைக்கே போய்விடலாம். பல பேனல்களைப் பராமரிப்பவர்கள் அவசரத்துக்கு ஒன்றிரண்டு வாங்கி வைத்திருப்பது நல்லதுதான்.

## பழைய டிரைவரைப் பழுது பார்ப்பது

சாலிடர் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். எரிய நேரமெடுத்தது, மினுக்கியது, நாளாக நாளாக மங்கியது, இப்படிப் படிப்படியாகப் போன டிரைவரில் பெரும்பாலும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்தான் காய்ந்திருக்கும், தலை உப்பியிருந்தால் சந்தேகமே இல்லை. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி என்று எழுதியது, இவை பொருந்தினால் போதும். செலவு பத்து இருபது ரூபாய்க்குள் முடியும், கரன்ட், வோல்ட், ஜாக் எதையும் பொருத்திப் பார்க்கும் தலைவலியே கிடையாது, ஏனென்றால் டிரைவர் அதேதான்.

"டப்" என்று சத்தத்தோடு போயிருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளீட்டில் இருக்கும் ஃப்யூஸ் ரெசிஸ்டர் திறந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் மறுபடி அதுவே வெடிக்கும், காரணம் அதற்குப் பின்னால் மாஸ்ஃபெட்டோ ஐசியோ ஷார்ட் ஆகியிருக்கும். அந்த ஐசியைத் தேடி வாங்கும் நேரத்துக்கு இரண்டு டிரைவர் வாங்கிவிடலாம்.

## டிஓபி தட்டு

டிரைவரும் எல்இடியும் ஒரே தட்டில் இருக்கும், 230 வோல்ட்டை நேராக இணைக்கலாம், விலையும் குறைவு. எல்இடிகளும் போய், டிரைவரும் போன, ஆனால் சட்டமும் டிஃப்யூசரும் நன்றாக இருக்கும் பேனலுக்கு மட்டும் இது யோசிக்கத்தக்கது. மறைந்திருக்கும் விலை, தட்டு முழுவதும் மெயின்ஸோடு தொடர்புள்ளது, டிரைவரின் சூடும் எல்இடியின் சூடும் ஒரே இடத்தில் சேருகின்றன, தட்டு பேனலின் அலுமினியத்தில் ஒட்டி அழுந்தாவிட்டால் சீக்கிரம் கருகும். மினுக்கல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் செல்போன் கேமராவில் கோடு கோடாகத் தெரியும் வகைகள் இதில் அதிகம், படிக்கும் அறைக்கு வேண்டாம்.

## மொத்தமாகப் புது லைட்

வாரண்டி பாக்கி இருந்தால் முதல் வேலை அதுதான், பெட்டியைத் திறந்து பார்த்தால் வாரண்டி போய்விடும் என்பதால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் பில்லைத் தேடுங்கள். வாரண்டி இல்லாவிட்டால் கணக்கு இப்படி: சின்ன பேனலுக்கு உதிரி டிரைவரின் விலை பல சமயம் புது லைட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வந்துவிடும். எல்இடிகள் ஏற்கனவே மஞ்சளித்திருந்தால், டிஃப்யூசர் பழுப்பேறியிருந்தால், அந்தப் பாதி விலையைக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை, புதிதாக வாங்குங்கள்.

ஆனால் பதித்த லைட்டில் வேறு செலவு ஒளிந்திருக்கிறது. சீலிங்கில் வெட்டிய ஓட்டை பழைய பேனலுக்கானது. அதே வாட்டில் வேறு கம்பெனி பேனல் வாங்கினால் ஓட்டை அளவு கால் அங்குலம் அரை அங்குலம் மாறும். பெரிதாக வேண்டுமென்றால் ஜிப்சத்தைச் சீவலாம், தூசி வேலை, அவ்வளவுதான். சிறிதாக வந்துவிட்டால் ஓரம் தெரியும், அதை மூட வழியில்லை. நிறமும் ஒட்டாது, 6500 கெல்வின் என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் வேறு வெள்ளையாகத் தெரியும். ஹாலின் நடுவில் இருக்கும் ஆறில் ஒன்று போனால் டிரைவரை மட்டும் மாற்றுவதற்கு நான் இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான். மேலே ஒட்டும் சர்ஃபேஸ் பேனலுக்கும், பாத்ரூமில் தனியாக இருக்கும் ஒன்றுக்கும் இந்தக் கவலை இல்லை.

மூன்று நிறம் மாறும் பேனல் என்றால் டிரைவரிலிருந்து மூன்று வயர் வரும். சாதாரண இரண்டு வயர் டிரைவரைப் போட்டால் ஒரு நிறம்தான் கிடைக்கும், அது போதும் என்றால் போடலாம், ஆனால் பேனலின் பாதி எல்இடிகள்தான் வேலை செய்யும் என்பதால் அந்த ஒரு நிறத்துக்கான கரன்ட்டைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

## வாங்கி வந்த பிறகு

பெட்டி ஓட்டைக்குள் நுழையுமா, ஜாக் ஆண் பெண் பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தாவிட்டால் பழைய டிரைவரின் ஜாக்கை வயரோடு வெட்டி சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இணைத்து ஸ்லீவ் போடலாம். வயர் நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளில் கூட்டல், கழித்தல் குறியையும் பாருங்கள்.

லேபிளில் எழுதிய கரன்ட் உண்மையா என்று தெரிந்துகொள்ள, ஐசொலேட்டட் டிரைவராக இருந்தால், மல்டிமீட்டரை 10 ஆம்பியர் டிசியில் வைத்து, சிவப்பு வயரை அறுத்த இடத்தில் தொடராக இணைத்து, எல்லாம் மாட்டிய பிறகு சுவிட்சைப் போடுங்கள். 0.28 காட்டினால் நிம்மதி. 280 என்று வாங்கியது 0.34 காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள், அது எரிகிறது என்பதற்காக வைத்துக்கொள்ள வேண்டாம். மீட்டர் இல்லாதவர்கள் அரை மணி நேரம் எரியவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, பேனலின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பக்கத்துப் பழைய பேனலும் அதே நேரம் எரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே சூடு என்றால் சரி, புது டிரைவர் போட்டது மட்டும் விரல் வைக்க முடியாமல் சுட்டால் கரன்ட் அதிகம்.